காபிக் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

காபி குடிக்கக் கொடுப்பதோடு கொட்டையைப் பாக்கெட் போட்டு விற்கும் கஃபேக்கள் இப்போது சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களிலும் வந்துவிட்டன. கோவையில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ கொட்டையை அங்கேயே வாங்கலாம் என்று அவளுக்கு எண்ணம். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும் என்றாள். கொட்டை சமீபத்தில் வறுத்ததா? அதை விளைவித்தவர்களுக்கும் பறித்தவர்களுக்கும் நியாயமான பணம் போய்ச் சேர்கிறதா? கடைப் பலகையில் வாட்ஸ்அப் எண் இருக்கிறது. உரிமையாளருக்கு என்ன எழுதுவது?

இதற்கு நான்கு விதமாகச் செய்தி எழுதிப் பார்த்தோம். நான்கும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஆனால் வரக்கூடிய பதிலில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலாவது, யாருக்கும் முதலில் தோன்றும் நேரடியான கேள்வி:

"வணக்கம்ங்க. உங்க காபி கொட்டை ஃப்ரெஷ்ஷா வறுத்ததுங்களா? விவசாயிகளுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்குனதுங்களா?"

இதற்கு என்ன பதில் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். "ஆமாங்க, நூறு சதவீதம் ஃப்ரெஷ். நேரா எஸ்டேட்ல இருந்து வாங்குறோம்." கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இந்த வாரம் வந்து இறங்கிய மூட்டை என்றால் அது புதுசுதான். அந்த மூட்டை வறுத்த இடத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று அவர் பார்த்திருக்க மாட்டார். "நேரா எஸ்டேட்ல இருந்து" என்பதும் பெரும்பாலும் கொட்டை சப்ளை செய்கிறவர் சொன்னதுதான். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வியை ஒரு வியாபாரியிடம் கேட்டால், எந்த வியாபாரியும் "இல்லைங்க" என்று சொல்ல மாட்டார். கேட்டவருக்கும் மேற்கொண்டு கேட்க இடமில்லாமல் போய்விடுகிறது. திரும்பக் கேட்டால் அவர் பேச்சைச் சந்தேகப்படுவது போல ஆகும்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிர். வறுத்த தேதி, எந்த அளவுக்கு வறுத்தது, அரபிகாவா ரோபஸ்டாவா, எந்த மாவட்டம், எவ்வளவு உயரத்தில் விளைந்தது, எந்தச் சான்றிதழ், தோட்டத் தொழிலாளிக்கு என்ன கூலி, மரங்களை வெட்டாமல் வளர்த்ததா என்று ஒரு பட்டியல். கேள்விகள் ஒவ்வொன்றும் நியாயமானவைதான். ஆனால் ஒரு சின்னக் கடையை நடத்துகிறவர் கல்லாவில் நின்றுகொண்டு போனில் இதைப் படித்தால், கேட்பவர் பத்திரிகைக்காரரோ போட்டிக் கடைக்காரரோ என்றுதான் நினைப்பார். சாவகாசமாக உட்கார்ந்து எழுதுவோம் என்று ஒதுக்கி வைப்பார், அந்தச் சாவகாசம் வராது. பட்டியலில் பாதிக்கு மேல் அவருக்கே தெரியாதவை என்பதுதான் பெரிய சிக்கல். தெரியாத கேள்விகளோடு சேர்த்துக் கேட்பதால், தெரிந்த ஒன்றிரண்டுக்கும் பதில் கிடைக்காமல் போகிறது.

மூன்றாவது, போட்டோ கேட்பது:

"வணக்கம்ங்க. இப்ப விக்கிற பாக்கெட்டோட பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்களா?"

எனக்கு இந்த வழி பாதி பிடிக்கும். எழுதுகிற வேலை இல்லை, அவர் பத்து நொடியில் அனுப்பிவிடலாம். வாய்ப்பேச்சுக்குப் பதில் அச்சடித்த எழுத்து கையில் கிடைக்கிறது. ஆனால் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் உணவுப் பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். வறுத்த தேதியைத் தனியாகப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொட்டையை வறுத்து விற்கும் ரோஸ்டர்களில் அக்கறையுள்ளவர்கள் தாங்களாகவே அதை முத்திரையாகக் குத்துகிறார்கள். பேக் செய்த தேதி மட்டும் இருந்தால், வறுத்த மறுநாள் பேக் செய்ததா, மூன்று வாரம் டப்பாவில் கிடந்தபின் செய்ததா என்று நமக்குத் தெரியாது. மாதக்கணக்கில் தாங்கும் என்று போட்டிருப்பது கெட்டுப்போகாது என்பதற்குத்தான் உத்தரவாதம், மணம் இருக்கும் என்பதற்கு அல்ல. பொடியாக வாங்குகிறவர்கள் லேபிளில் சிக்கரி சதவீதத்தையும் பார்க்கலாம். அதைக் கட்டாயம் போட வேண்டும், கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் விதி.

போட்டோவில் இரண்டு குறைகள் உண்டு. அலமாரியில் விற்பனைக்கு இருக்கும் கால் கிலோ பாக்கெட்டும் கடையில் காபி போட கிரைண்டரில் கொட்டி வைத்திருக்கும் கொட்டையும் ஒரே சரக்காக இருக்க வேண்டியதில்லை. நாம் கடையில் குடித்து மயங்கியது ஒன்று, வாங்கி வருவது வேறொன்று என்று ஆகலாம். அடுத்தது, யார் எவர் என்று சொல்லாமல் "பின்பக்கத்தைக் காட்டுங்கள்" என்றால், உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்பது போலிருக்கும். நம் இரண்டாவது கேள்விக்கு லேபிளில் பதில் இருப்பதும் அபூர்வம்.

ஆகவே நான்காவதாக எழுதியது இது. தங்கை கடைசியில் அனுப்பியதும் இதைத்தான்.

"வணக்கம்ங்க. உங்க கடையில குடிச்ச ஃபில்டர் காபி ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுக்கு மாசம் அரைக் கிலோ கொட்டை உங்ககிட்டயே வாங்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும். இப்ப காபி போடுற கொட்டை எந்தத் தேதியில வறுத்தது? அது எந்த எஸ்டேட்ல இருந்து வருது? எஸ்டேட் பேரு தெரியலைன்னா வறுத்துக் குடுக்குறவங்ககிட்ட கேட்டு மெதுவா சொல்லுங்க, அவசரம் இல்லீங்க."

முதல் செய்தியில் இருந்த அதே இரண்டு கேள்விகள்தான் இதிலும் இருக்கின்றன. ஆனால் 'ஃப்ரெஷ்ஷா' என்று கேட்ட இடத்தில் ஒரு தேதியையும், 'நியாயமா' என்று கேட்ட இடத்தில் ஒரு பெயரையும் கேட்கிறோம். தேதிக்கும் பெயருக்கும் "ஆமாங்க" என்று பதில் சொல்ல முடியாது. தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். இரண்டுமே நமக்கு உபயோகமான பதில். வாங்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால் சோதிக்கிறார்கள் என்ற நினைப்பும் அவருக்கு வராது. "மெதுவா சொல்லுங்க" என்ற கடைசி வாக்கியத்தை நீளம் கருதி வெட்டிவிடலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றேன். தேதியை மூட்டையைத் திருப்பிப் பார்த்து உடனே சொல்லிவிடலாம், எஸ்டேட் பெயருக்கு அவர் இன்னொருவருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்பார்த்தால் முதல் பதிலும் சேர்ந்து தாமதமாகும்.

அனுப்பும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரையும் மாலை நாலரைக்கு மேலும் கடைக்காரர் கையில் போன் இருக்காது. வாரநாளில் மதியம் இரண்டரை, மூன்று மணி நல்ல நேரம்.

கடையிலேயே நேரில் கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் கவுன்டரில் நிற்கிற பையனுக்கு மூட்டையின் தேதி தெரியுமே தவிர, எஸ்டேட் தெரிவது கஷ்டம். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது உரிமையாளரும் சுருக்கமாகத்தான் பேசுவார். எழுத்தில் கேட்டால், அவர் நம் செய்தியை அப்படியே ரோஸ்டருக்கு ஃபார்வர்ட் செய்துவிட முடியும். நேரில் போனால் வேறொரு லாபம் உண்டு. கொட்டையைக் கண்ணால் பார்க்கலாம், கையில் எடுத்து முகரலாம். நம் ஊரில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் பழைய காபிக் கடைகளில் யாரும் தேதி கேட்காததற்கு அதுதான் காரணம். எதிரிலேயே வறுத்து, எதிரிலேயே எண்பதுக்கு இருபது என்று சிக்கரி சேர்த்து அரைத்துக் கொடுக்கும்போது தேதிக்கு என்ன வேலை? ஆனால் எந்த மலைக் கொட்டை, யார் பறித்தது என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை.

தங்கைக்கு மாலையில் பதில் வந்தது. "வணக்கம்ங்க, சந்தோஷம். ரோஸ்ட் தேதி 9ன்னு போட்டிருக்கு. சிக்மகளூர் பிளான்டேஷன் ஏ, கொஞ்சம் பீபெரி கலந்தது. பெங்களூர்ல வறுத்து வருது. எஸ்டேட் பேரு கேட்டுச் சொல்றேன்ங்க." அவள் செய்தி அனுப்பியது 21ஆம் தேதி.

முதலில் தேதியைப் பார்ப்போம். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைபட்டிருக்கும். முதல் சில நாட்கள் அது வேகமாக வெளியேறும், பிறகு மெதுவாகக் கசியும். பாக்கெட்டில் பொத்தான் போல ஒரு ஒருவழி வால்வு வைத்திருப்பது, இந்த வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமல் இருக்கவும்தான். வறுத்த மறுநாளே எஸ்பிரெசோ போட்டால் இந்த வாயு தண்ணீரை ஒழுங்காக இறங்க விடாது. நுரை பொங்கி வரும், சுவை கூராகவும் பொருந்தாமலும் இருக்கும். அதனால் எஸ்பிரெசோவுக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆற விடுகிறார்கள். ஃபில்டருக்கு அவ்வளவு வேண்டாம், நாலைந்து நாள் போதும். கொட்டையாகவே மூடி வைத்தால் நாலு முதல் ஆறு வாரம் வரை நன்றாக இருக்கும். அதன்பின் விஷமாகிவிடாது, மணம்தான் சப்பென்று ஆகும். பொடியாக்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, சில நாட்களிலேயே மணம் போய்விடும்.

9ஆம் தேதி வறுத்தது 21ஆம் தேதிக்குப் பன்னிரண்டு நாள். நல்ல வயதுதான். ஆனால் இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். மாதம் அரைக் கிலோ என்றால் நாளொன்றுக்குப் பதினாறு, பதினேழு கிராம். பன்னிரண்டு நாள் ஆன கொட்டையை மொத்தமாக அரைக் கிலோ வாங்கினால், கடைசிப் பிடி கொட்டையை அரைக்கும்போது அதற்கு வயது நாற்பத்திரண்டு நாள். பாக்கெட்டைத் திறந்து திறந்து மூடியதையும் சேர்த்தால் அது கடந்துபோன வயதுதான். கால் கிலோவாக இரண்டு முறை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. தேதி தெரிந்ததால்தான் இந்த முடிவுக்கு வர முடிந்தது. "ஃப்ரெஷ்ங்க" என்ற பதிலை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

சொன்ன தேதி சரிதானா என்று வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். இரண்டு ஸ்பூன் பொடியை ஒரு டம்ளரில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரைப் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிப் பாருங்கள். சமீபத்தில் வறுத்து, அப்போதே அரைத்த பொடி என்றால் அரை நிமிடத்துக்குள் மேலே உப்பி, சின்னச் சின்னக் குமிழியாக வெடிக்கும். பழையது என்றால் சேறு போல அமுங்கிக் கிடக்கும். மிகவும் கறுப்பாக வறுத்த கொட்டை வாயுவைச் சீக்கிரம் இழந்துவிடும் என்பதால், அதில் உப்பல் குறைந்திருந்தால் உடனே கடைக்காரர்மேல் சந்தேகப்பட வேண்டாம். மேலே எண்ணெய் மினுமினுப்பதைப் பார்த்துப் புதுசு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் வறுத்த பதத்தைக் காட்டுவதுதான், தேதியைக் காட்டுவது அல்ல.

அடுத்து, இரண்டாவது கேள்விக்கான பதில். "சிக்மகளூர் பிளான்டேஷன் ஏ" என்று கேட்டவுடன் விவரமான பதில் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் தங்குவதில்லை. சிக்மகளூர் ஒரு மாவட்டம், அங்கே தோட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிளான்டேஷன் என்பது பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகா என்று பொருள்படும் வியாபாரப் பெயர். ஏ என்பது சல்லடை அளவு. ஏஏ என்றால் அதைவிடப் பெரிய கொட்டை, பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒன்றாக உருண்டு விளைந்தது. இவை எல்லாம் கொட்டையின் ஊரையும் பதப்படுத்திய விதத்தையும் உருவத்தையும்தான் சொல்கின்றன. யார் பறித்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமே இல்லை. சான்றிதழ் போல இவற்றைச் சொல்கிற கடைக்காரர்களும் நம்புகிற வாடிக்கையாளர்களும் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மிச்சப் பதிலும் வந்தது. "கேட்டேன்ங்க. அவங்க டிரேடர் மூலமா வாங்குறாங்களாம், இன்ன எஸ்டேட்னு சொல்ல முடியாதுன்னாங்க."

தங்கைக்கு ஏமாற்றம். எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் மதிப்பு கூடியது. அவர் விசாரித்திருக்கிறார், கிடைத்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். எஸ்டேட் பெயர் தெரியாமல் போவது யாரோ மறைப்பதால் மட்டும் நடப்பது அல்ல. தோட்டத்தில் பறித்த பழம் உலர்ந்தபின் ஹாசன், சிக்மகளூர், குஷால்நகர் போன்ற ஊர்களில் உள்ள க்யூரிங் ஒர்க்ஸுக்குப் போகிறது. அங்கே உமி நீக்கி, சலித்து, அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். வியாபாரி பல தோட்டத்து ஏ கிரேடை ஒன்றாகச் சேர்த்து விற்றால் அதன்பின் யாராலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. 1942இல் வந்த காபிச் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகள் நம் நாட்டுக் காபி முழுவதும் காபி வாரியத்தின் பொதுக் குவியலுக்குத்தான் போனது. தொண்ணூறுகளில்தான் தோட்டக்காரர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே சுதந்திரமாக விற்க முடிந்தது. எஸ்டேட் பெயரோடு பாக்கெட் வருவது அதற்கப்புறம் வந்த பழக்கம்.

அப்படியானால் பெயருக்குப் பதில் சான்றிதழ் முத்திரையைத் தேடலாமா? தங்கை இதைத்தான் அடுத்துக் கேட்டாள். இரண்டு முத்திரைகள் அடிக்கடி கண்ணில் படும். ஃபேர்ட்ரேட் என்பது விலையைப் பற்றியது. சந்தை விழுந்தாலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அடிமட்ட விலை வைத்திருக்கிறார்கள். கழுவிய அரபிகாவுக்கு 2023 ஆகஸ்டில் அதை ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலர் என்று வைத்தார்கள். அதற்குமேல் 20 சென்ட் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச் செலவுக்கென்று தனியாகப் போகும். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையே 4 டாலரைத் தாண்டியபோது அடிமட்ட விலைக்கு வேலை இல்லாமல் போனது, அந்த 20 சென்ட்தான் மிச்சம். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காபியில் இந்தச் சான்றிதழ் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்குத்தான், கூலியாட்களை வைத்து நடத்தும் பெரிய எஸ்டேட்டுக்கு இல்லை. எனவே ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாக விளைவிக்கும் கொட்டைக்கு இந்த முத்திரை பொருந்தும். சிக்மகளூரிலோ ஏற்காட்டிலோ ஒரு எஸ்டேட் தன் ஆட்களை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அதற்கு இது கிடைக்காது. முத்திரை இல்லை என்பதால் அந்தத் தோட்டம் மோசம் என்று முடிவு கட்டுவது தவறு.

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை எஸ்டேட்டுகளுக்கும் உண்டு. நிழல் மரம், தண்ணீர், பூச்சிமருந்து, ஆட்களின் பாதுகாப்பு, குழந்தைத் தொழிலாளர் இல்லாமை ஆகியவற்றைத் தணிக்கை செய்கிறார்கள். ஆனால் அதில் அடிமட்ட விலை என்று ஒன்று கிடையாது. இயற்கை விவசாயச் சான்றிதழோ என்ன தெளித்தார்கள் என்பதைப் பற்றித்தான் பேசுகிறது, என்ன கூலி கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அல்ல. ஒவ்வொரு முத்திரையும் எதற்குப் பொறுப்பேற்கிறதோ அதை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டும். கோவையில் ஒரு கஃபேயில் வாங்கும் நமக்கு முத்திரையைவிடத் தோட்டத்தின் பெயரே மேல் என்று நினைக்கிறேன். பெயர் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம்.

எதை விசாரிப்பது? இங்கே நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் சொல்வேன். அதையும் முதல் செய்தியில் கேட்கக் கூடாது, எஸ்டேட் பெயர் கிடைத்தபின் கேட்க வேண்டும்: "பழம் பறிக்கிறவங்களுக்கு நாள் கூலியா, கிலோ கணக்கா?"

அறுவடைக் காலத்தில் அரபிகா பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை பழுக்கும். ஒரே கொத்தில் சிவந்த பழமும் பச்சைக் காயும் சேர்ந்தே இருக்கும். பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் ஒரே செடிக்கு மூன்று, நாலு முறை திரும்ப வர வேண்டும். பறிக்கிறவருக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால், கொத்தோடு உருவிப் போடுவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். பழுத்ததை மட்டும் தேடித் தேடிப் பறித்தால் கூடை நிறையாது, நஷ்டம் அவருக்கு. ஆகவே பழுத்த பழம் மட்டும் வேண்டும் என்று கேட்கிற தோட்டம், ஒன்று நாள் கூலி கொடுக்க வேண்டும், அல்லது கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் "கையால் பறித்த பழுத்த பழம்" என்று எழுதியிருப்பவர்களிடம் இதைக் கேட்பது நியாயம். அந்த வாசகத்துக்கான விலையைப் பறித்தவர் கொடுத்தாரா, முதலாளி கொடுத்தாரா என்பது இந்தப் பதிலில்தான் தெரியும். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு ஆறேழு கிலோ பழம் பறிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் அவர்களுக்கு எவ்வளவு என்பது விளங்கும்.

இந்தக் கேள்விக்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. தோட்டத்துக்கு நேரில் போய் வாங்கும் ரோஸ்டரால் முடியும். "தெரியாது" என்று அவர் சொன்னால், அவர் தோட்டத்துக்குப் போய் வாங்குகிறவரா என்று யோசிக்க வேண்டியதுதான்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கலவை வேண்டாம் என்று அவள் ஒதுக்கவில்லை. தேதி நன்றாக இருந்தது, காபியும் பிடித்திருந்தது. கடைக்காரருக்கு இரண்டே வரி எழுதினாள்: "விசாரிச்சுச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. இப்போதைக்கு கால் கிலோ எடுத்துக்கிறேன். எஸ்டேட் பேரு போட்ட கொட்டை எப்பவாவது வந்தா சொல்லுங்க, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வாங்கிக்கிறேன்." இந்தக் கடைசி வாக்கியம் நாங்கள் எழுதிய எல்லா வாக்கியங்களையும்விட வேலை செய்யக்கூடியது என்று நம்புகிறேன். நியாயமாக வாங்குவது செலவு பிடித்த காரியம். அந்தச் செலவில் வாடிக்கையாளர் பங்கெடுத்துக்கொள்வார் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் ரோஸ்டரிடம் கேட்பார். அடுத்த முறை அவள் போனபோது ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் பெயர் போட்ட பாக்கெட்டைக் கவுன்டரில் எடுத்துக் காட்டியிருக்கிறார். சேர்வராயன் மலைக் கொட்டை, வறுத்து ஆறு நாள் ஆனது.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது? ஒரு வாரம் பொறுத்து, தேதியை மட்டும் கேட்டு ஒரு வரி அனுப்பலாம். அதற்கும் மௌனம் என்றால் கடைக்குப் போய் அலமாரிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது முறை எழுத வேண்டாம். "மான்சூன்ட் மலபார்" வகைக் கொட்டை விற்கும் கடை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கொட்டையைப் பச்சையாகவே தென்மேற்குப் பருவக்காற்றில் மூன்று, நாலு மாதம் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஊற வைத்து, வெளுத்துப் பருக்க விடுகிறார்கள். அது பழைய கொட்டை என்று சண்டைக்குப் போகக் கூடாது. அங்கேயும் கேட்க வேண்டியது வறுத்த தேதியைத்தான்.

எஸ்டேட் பெயரை ஒருமுறை தெரிந்துகொண்டால் வருடம் முழுவதும் அதே கொட்டைதான் வரும் என்று வைத்துக்கொள்ள முடியாது. பிப்ரவரியோடு அரபிகா அறுவடை முடிந்து, உலர்த்தி, உமி நீக்கி, புதுச் சரக்கு ரோஸ்டர்களிடம் வந்து சேர மார்ச், ஏப்ரல் ஆகும். ரோஸ்டர் தோட்டத்தை மாற்றுவதானால் பெரும்பாலும் அப்போதுதான் மாற்றுவார். அந்தச் சமயத்தில் அதே கடைக்காரருக்கு, "இந்த வருஷப் புதுக் கொட்டை வந்துருச்சுங்களா, போன தடவை வந்த அதே எஸ்டேட்தானுங்களா?" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.